எல்லாவற்றிலும் முந்தியவர் நம்மிடம் ஏன் வாங்குகிறார்?

கேள்வி: திருப்பூர்ல சின்னதா ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துறேனுங்க. நிட்டிங் மெஷின் ஜெர்மனியில இருந்து வருது, அதுக்கு ஊசியும் அங்கிருந்துதான் வருது. அந்த ஊர் ஆள் மெஷினையும் நம்மளவிட வேகமா செய்வார், பனியனையும் நம்மளவிட வேகமா தைப்பார். அப்புறம் எதுக்குங்க நம்மகிட்ட பனியன் வாங்கறாங்க? கூலி கம்மிங்கறதால நம்மளச் சுரண்டறாங்கன்னு சிலர் சொல்றாங்க. நாமதான் கம்மிக் கூலியில அவங்க பொழப்பக் கெடுக்கறோம்னு வேற சிலர் சொல்றாங்க. எது நிசங்க?

பதில்:

அவர்கள் இரண்டிலும் நம்மை முந்துகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இரண்டிலும் ஒரே அளவுக்கு முந்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். எதில் அதிகமாக முந்துகிறார்களோ அதைச் செய்து விற்று, எதில் குறைவாக முந்துகிறார்களோ அதை நம்மிடம் வாங்கினால் அவர்களுக்கு உழைப்பு மிச்சமாகிறது, நமக்கும் மிச்சமாகிறது. பொருளியலில் இதை ஒப்பீட்டு நன்மை என்பார்கள். இதற்கு அடிப்படையாக இருப்பது வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றைச் செய்வதற்காக எதைச் செய்யாமல் விடுகிறோம் என்ற கணக்கு.

உங்கள் யூனிட்டிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். கட்டிங் மாஸ்டர்களில் பலர் டெய்லராக இருந்து மேலே வந்தவர்கள். ஓவர்லாக்கில் உட்கார்ந்தால் லைனில் இருக்கும் யாரையும்விட வேகமாகத் தைத்துவிடுவார்கள். ஆனாலும் அவரை யாரும் அங்கே உட்கார வைப்பதில்லை. அவர் ஒரு மணி நேரம் தைத்தால் கட்டிங் டேபிள் ஒரு மணி நேரம் நிற்கும், அது நின்றால் சற்று நேரத்தில் லைன் முழுவதும் நிற்கும். அவர் தைக்கும் பீஸுக்கு உண்மையான விலை அவருடைய சம்பளம் அன்று, வெட்டப்படாமல் கிடக்கும் துணி.

இதை எண்களில் போட்டுப் பார்ப்போம். இங்கே வருபவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். எந்தக் கம்பெனியின் ஏட்டிலும் உள்ளவை அல்ல. நூல், மின்சாரம், கப்பல் வாடகை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, உழைப்பை மட்டும் ஆள்நாள் கணக்கில், அதாவது ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை என்ற அளவில், எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஒரு நிட்டிங் மெஷின் செய்ய 100 ஆள்நாள் ஆகிறது, ஆயிரம் பனியன் செய்ய 20 ஆள்நாள் ஆகிறது. இங்கே அதே தரத்தில் மெஷின் செய்ய முயன்றால் 600 ஆள்நாள் ஆகும், ஆயிரம் பனியன் செய்ய 40 ஆள்நாள் ஆகும். ஆக மெஷினில் அவர்கள் நம்மைவிட ஆறு மடங்கு திறமைசாலிகள், பனியனில் இரண்டு மடங்கு. நாம் முந்தும் இடம் ஒன்றுமே இல்லை.

இப்போது ஜெர்மனியில் நின்று பாருங்கள். ஒரு மெஷின் செய்யும் 100 ஆள்நாளில் அவர்கள் ஐயாயிரம் பனியன் செய்திருக்கலாம். எனவே அங்கே ஒரு மெஷினின் வாய்ப்புச் செலவு ஐயாயிரம் பனியன். இங்கே நின்று பார்த்தால், ஒரு மெஷினுக்குப் போகும் 600 ஆள்நாளில் பதினைந்தாயிரம் பனியன் செய்திருக்கலாம். மெஷின் அங்கே மலிவு, பனியன் இங்கே மலிவு என்பது இந்த இரண்டு விகிதங்களிலிருந்து வருகிறதே தவிர, யார் வேகமானவர் என்பதிலிருந்து வரவில்லை. ஒருவருக்கு மெஷின் மலிவாக இருந்தால் அவருக்குப் பனியன் விலை உயர்ந்ததாகத்தான் இருக்க முடியும், ஏனெனில் ஒரு விகிதத்தைத் தலைகீழாக்கினால் வருவதே மற்றது. அதனால்தான் எல்லாவற்றிலும் திறமைசாலியாக ஒரு நாடு இருக்கலாம், ஆனால் எல்லாவற்றிலும் ஒப்பீட்டு நன்மை உள்ள நாடு என்று ஒன்று இருக்கவே முடியாது.

ஐயாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் இடையில் எந்த விகிதத்தில் மாற்றிக்கொண்டாலும் இருவருக்கும் லாபம். ஒரு மெஷினுக்குப் பத்தாயிரம் பனியன் என்று பேரம் முடிகிறது என்போம். ஜெர்மானியர்கள் அந்தப் பத்தாயிரம் பனியனைத் தாங்களே செய்தால் 200 ஆள்நாள் ஆகியிருக்கும்; 100 ஆள்நாளில் ஒரு மெஷினைச் செய்து கொடுத்து அதைப் பெற்றுவிட்டார்கள். நமக்கு ஒரு மெஷினை இங்கே செய்ய 600 ஆள்நாள் ஆகியிருக்கும். பத்தாயிரம் பனியன் செய்யும் 400 ஆள்நாளில் அது கிடைத்துவிட்டது. அவர்களுக்கு 100 ஆள்நாள் மிச்சம், நமக்கு 200 ஆள்நாள் மிச்சம். யாருடைய கையும் முன்னைவிட வேகமாக ஓடவில்லை. யார் எதைச் செய்வது என்பது மட்டும் மாறியது.

கல்லூரிப் பாடம் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் உங்கள் சந்தேகம் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் பனியன் வாங்கும் பையரின் மேஜையில் ஆள்நாள் கணக்கு எதுவும் இல்லை. வாய்ப்புச் செலவைப் பற்றி அவர் கவலைப்படுவதும் இல்லை. அவர் விலையை மட்டும் பார்க்கிறார். நாம் இரண்டு மடங்கு மெதுவாகத் தைக்கும்போது நம் விலை அவருக்கு எப்படிக் குறைவாகத் தெரிகிறது? ஒப்பீட்டு நன்மையை விலையாக மாற்றித் தருவது கூலியும் செலாவணி மாற்று வீதமும்தான்.

இங்கே ஓர் ஆளின் நாள் கூலி ரூ.800 என்று வையுங்கள். நம் மெஷினின் உழைப்புச் செலவு ரூ.4,80,000, ஆயிரம் பனியனுக்கு ரூ.32,000. ஜெர்மனியிலும் அதே ரூ.800-தான் கூலி என்று கற்பனை செய்தால், அங்கே மெஷின் ரூ.80,000, ஆயிரம் பனியன் ரூ.16,000. இந்த நிலையில் உலகத்தின் எல்லா ஆர்டரும் ஜெர்மனிக்குப் போகும். ஆனால் அந்த நிலை நீடிக்க முடியாது. எல்லா ஆர்டரும் அங்கே குவிந்தால் அங்கே ஆள் பற்றாக்குறை வரும், கூலி ஏறும். இங்கிருந்து ஒன்றும் விற்காதபோது மெஷின் வாங்க யூரோ எங்கிருந்து வரும்? யூரோவைத் தேடுவோர் பெருகி ரூபாயைத் தேடுவோர் இல்லாமல் போனால் ரூபாயின் மதிப்பு இறங்கும். கூலி ஏறினாலும் ரூபாய் இறங்கினாலும் விளைவு ஒன்றே: ரூபாய்க் கணக்கில் ஜெர்மன் கூலி மேலே போகும்.

அது ரூ.1,600-ஐத் தாண்டும் நொடியில் நம் பனியன் அவர்களுடையதைவிட மலிவாகிவிடுகிறது, ஏனெனில் அங்கே இரண்டு மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. ரூ.3,200-ஐ எட்டும்போது ஜெர்மன் பனியன் ஆயிரத்துக்கு ரூ.64,000, நம்முடையது ரூ.32,000, ஜெர்மன் மெஷின் ரூ.3,20,000, நம்முடையது ரூ.4,80,000. பனியன் ஆர்டர் இங்கே வருகிறது, மெஷின் ஆர்டர் அங்கே போகிறது. ஒரு மெஷினின் விலையில் பத்தாயிரம் பனியன் வாங்கலாம் என்ற பழைய விகிதமே இங்கும் வந்து நிற்பதைக் கவனியுங்கள். அதற்கு மேலும் ஏறி அவர்கள் கூலி ரூ.4,800-ஐத் தாண்டிவிட்டால், அவர்களுடைய ஆறு மடங்கு திறமையும் அந்தக் கூலியை ஈடுகட்டாது. மெஷினையும் நம்மிடமே வாங்க வேண்டியிருக்கும், அவர்கள் விற்க ஒன்றும் இராது. அப்போது எதிர்த்திசையில் கூலியும் செலாவணியும் இறங்கும். ஆக அவர்கள் கூலி நம் கூலியைப் போல் இரண்டு மடங்குக்கும் ஆறு மடங்குக்கும் நடுவில்தான் நிலைகொள்ள முடியும். உண்மையில் இரு நாடுகளின் கூலி இடைவெளி இதைவிட மிகப் பெரியது; பல தொழில்களில் உற்பத்தித்திறன் இடைவெளியும் அப்படியே பெரியது. எண்கள் மாறினாலும் கணக்கின் ஓட்டம் மாறாது.

நீங்கள் கேட்ட இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் பதில் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. ஜெர்மன் டெய்லரின் கூலியைத் தீர்மானிப்பது அவருடைய தையல் வேகம் அன்று. அதே ஊரில் மெஷின் தொழிற்சாலை என்ன கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பதுதான். பனியன் கம்பெனி அதற்குக் குறைவாகக் கொடுத்தால் ஆள் அங்கே போய்விடுவார். நம் கூலி குறைவாக இருப்பதற்கும் காரணம் அதுபோன்றதே: எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் இங்கே ஓர் ஆள்நாள் தரும் உற்பத்தி குறைவு. குறைந்த கூலி என்பது குறைந்த உற்பத்தித்திறனின் நிழல். அதை வைத்து நாம் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களும் இந்த வாணிபத்தின் மூலம் நம் கூலியைக் கீழே தள்ளவில்லை. வாணிபம் இல்லையென்றால் அதே மெஷினுக்கு நாம் 400 ஆள்நாளுக்குப் பதில் 600 ஆள்நாள் உழைத்திருப்போம், அவ்வளவுதான். ஆனால் இதை எந்த முதலாளிக்கும் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நூற்பு மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களின் கூலியை ஆண்டுக் கணக்கில் பிடித்து வைத்ததும், விடுதியை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்ததும் சுரண்டல்தான். அது உள்ளூரில் நடந்த சுரண்டல், நாடுகளுக்கிடையிலான விகிதத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

ஜெர்மனியின் தென்மேற்கில், ஸ்டுட்கார்ட் நகருக்குத் தெற்கே மலைப்பாங்கான ஒரு வட்டாரத்தில் ஆல்ப்ஸ்டாட் என்ற ஊர் இருக்கிறது. எபிங்கன், டெய்ல்ஃபிங்கன் முதலிய ஊர்களை 1975-ல் ஒன்றாக இணைத்து உண்டான ஊர் அது. டெய்ல்ஃபிங்கனை அந்தக் காலத்து ஜெர்மனியின் திருப்பூர் என்றே சொல்லலாம். உள்ளாடையும் பின்னலாடையும் செய்யும் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு இருந்தன. அந்தக் கம்பெனிகளுக்கு மெஷினும் ஊசியும் வேண்டியிருந்ததால் அவற்றைச் செய்பவர்களும் அங்கேயே தோன்றினார்கள். எபிங்கனில் 1852-ல் தொடங்கிய பட்டறையின் வழிவந்ததுதான் குரோஸ்-பெக்கர்ட் ஊசி. டெய்ல்ஃபிங்கனில் 1905-ல் தொடங்கியதுதான் மேயர் மெஷின். நிட்டிங் கம்பெனிக்காரர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். 1970-களிலிருந்து அந்த வட்டாரத்தின் பின்னலாடைக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அங்கே இருந்தவர்களுக்குத் தைக்க மறந்துபோகவில்லை. அவர்களுடைய தையல் மோசமானதும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் காரும் எந்திரமும் செய்யும் தொழிற்சாலைகள் கொடுத்த கூலியைப் பனியன் விலையில் கொடுக்க முடியவில்லை, அதே நேரத்தில் ஆசியாவிலிருந்து வந்த ஆடையின் விலையோடும் போட்டி போட முடியவில்லை. பனியன் போனது, மெஷினும் ஊசியும் அதன் பிறகும் அங்கேயே தொடர்ந்தன. இன்று டெய்ல்ஃபிங்கனில் பின்னலாடைத் தொழிலுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் இன்னமும் உள்நாட்டிலேயே தைத்துக் கூடுதல் விலைக்கு விற்பவர்களும் இல்லாமல் இல்லை. கோட்பாடு சொல்வதுபோல் ஒரு நாடு ஒரு பொருளை முழுவதுமாக விட்டுவிடுவது நடைமுறையில் அபூர்வம்.

இதே இழுப்பு கொங்கு நாட்டுக்குள்ளும் நடந்திருக்கிறது. காங்கேயம், தாராபுரம், அவிநாசிப் பக்கத்துத் தோட்டங்களில் களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று விவசாயிகள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். களை எடுப்பவரின் வேகம் குறைந்துவிட்டதா? இல்லை. காலையில் வேன் வந்து வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போகும் பனியன் கம்பெனி, அந்த ஆள்நாளுக்குக் கூடுதல் விலை வைத்துவிட்டது. டெய்ல்ஃபிங்கனின் பனியன் கம்பெனிக்கு நேர்ந்ததுதான் இங்கே மஞ்சள் காட்டுக்காரருக்கும் நேர்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கை முதலில் எண்களோடு எழுதி நிறுவியவர் டேவிட் ரிக்கார்டோ, ஆண்டு 1817. அவருடைய எடுத்துக்காட்டில் ஓர் ஆண்டுக்கான துணியைச் செய்ய இங்கிலாந்துக்கு 100 பேர் வேண்டும், போர்ச்சுகலுக்கு 90 பேர் போதும். திராட்சை மதுவுக்கு இங்கிலாந்தில் 120 பேர், போர்ச்சுகலில் 80 பேர். தன் சொந்த நாட்டையே இரண்டிலும் பின்தங்கியதாக வைத்துக் கணக்குப் போட்டார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். கூலியைப் பற்றிய பகுதி வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதை 1951-ல் மக்டூகல் என்ற பொருளியலாளர் காட்டினார். 1937-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களை எடுத்து, அமெரிக்காவும் பிரிட்டனும் மூன்றாம் நாடுகளில் விற்ற பொருட்களை ஒப்பிட்டார். அப்போது அமெரிக்கக் கூலி பிரிட்டிஷ் கூலியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்தத் தொழில்களில் அமெரிக்கத் தொழிலாளியின் உற்பத்தி பிரிட்டிஷ் தொழிலாளியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததோ, பெரும்பாலும் அவற்றில்தான் அமெரிக்கா ஏற்றுமதியில் முந்தியிருந்தது. உற்பத்தித்திறனில் முந்தியிருந்தும் இரண்டு மடங்கை எட்டாத தொழில்களில் சந்தை பெரும்பாலும் பிரிட்டன் கையில் இருந்தது.

இனி, லாபம் இருவருக்கும் உண்டு என்று சொன்னேனே தவிர, சரிபாதி என்று சொல்லவில்லை. ஐயாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் நடுவில் விகிதம் எங்கே போய் நிற்கும் என்பதை ரிக்கார்டோ திறந்தே விட்டுவிட்டார். ஜான் ஸ்டூவர்ட் மில்தான் பிறகு அதை விளக்கினார். ஒருவர் பொருளுக்கு மற்றவரிடம் எவ்வளவு தேவை இருக்கிறது என்பதைப் பொறுத்து அது நிற்கிறது. இதற்கு வாணிப வீதம் என்று பெயர். நமக்கு மெஷின் அவசரமாக வேண்டும், அவர்களுக்கோ பனியன் விற்க வங்கதேசமும் வியட்நாமும் கம்போடியாவும் வரிசையில் நிற்கின்றன என்றால், விகிதம் பதினைந்தாயிரத்தை நோக்கி நகரும். ஒரு மெஷினுக்குப் பதினாலாயிரம் பனியன் என்று ஆனால் நாம் 560 ஆள்நாள் கொடுக்கிறோம். நாமே செய்வதைவிட 40 ஆள்நாள்தான் மிச்சம். ஜெர்மனிக்கோ 180 ஆள்நாள் மிச்சம். ஒவ்வொரு சீசனிலும் பையர் பீஸுக்குச் சில சென்ட்டுகளைக் குறைக்கச் சொல்லும்போது நகர்வது இந்த விகிதம்தான். அப்போதும் வாணிபத்தை விட்டுவிடுவதைவிடச் செய்வது நமக்கு மேல். ஆனால் மேல் என்பது மயிரிழை அளவில் வந்து நிற்கிறது. வங்கதேசத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குறைந்த வளர்ச்சி பெற்ற நாடு என்ற வகையில் அவர்களுடைய ஆடைகளை ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகளாகத் தீர்வையின்றி அனுமதித்து வந்திருக்கிறது, அதே காலத்தில் நம் ஆடைகள் தீர்வை கட்டிப் போயிருக்கின்றன. அந்தத் தீர்வை இடைவெளி அரசுகள் உண்டாக்கியது. அதை ஒப்பீட்டு நன்மையின் கணக்கில் எழுதக் கூடாது.

இந்தக் கோட்பாட்டின் பாதுகாப்பு நாடுகளுக்குத்தான், ஊர்களுக்கு இல்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் ரிக்கார்டோவே சொல்லியிருக்கிறார்: மூலதனமும் ஆட்களும் தடையின்றி எல்லை தாண்டிப் போக முடிந்தால், துணியும் மதுவும் இரண்டுமே போர்ச்சுகலில்தான் செய்யப்படும். ஜெர்மனிக்கும் நமக்கும் நடுவில் தனித்தனிப் பணமும் விசாவும் இருப்பதால்தான் கூலி தனித்தனியாக நிலைகொள்கிறது, அதனால்தான் பின்தங்கியவருக்கும் விற்க ஒன்று மிஞ்சுகிறது. திருப்பூருக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமத்துக்கும் நடுவில் அப்படி ஒன்றும் இல்லை. அந்தக் கிராமத்தின் ரூபாய் தனியாக இறங்கி அதன் பொருளை மலிவாக்க முடியாது. ஆள்தான் பஸ் ஏறி இங்கே வருகிறார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவோரின் கதையும் அதுவே. இங்கே முழுமையான திறமைதான் வெல்கிறது. பின்தங்கிய ஊர் காலியாகலாம்.

நாட்டுக்குள்ளேயும் மிச்சமான 200 ஆள்நாள் எல்லாருடைய பையிலும் சமமாக விழுவதில்லை. மெஷின் இறக்குமதியால் பனியன் கம்பெனிக்கு லாபம். கோயம்புத்தூரில் யாராவது அதே வகை மெஷினைச் செய்ய முயன்றிருந்தால் அவருக்கு அது அடி. டெய்ல்ஃபிங்கனில் ஐம்பது வயதில் வேலை இழந்த தையல்காரப் பெண் மறுநாளே மெஷின் தொழிற்சாலையில் ஃபிட்டர் ஆகிவிடவில்லை. நாட்டின் கூட்டுத்தொகை ஏறியது என்பது கணக்கு. அந்த ஏற்றத்திலிருந்து இழந்தவருக்கு எடுத்துக் கொடுத்தார்களா என்பது அரசியல். கணக்கு சரியாக இருந்தால் அரசியல் தானாக நடந்துவிடும் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

ஆனால் கணக்கே தவறாகப் போகும் ஓர் இடமும் உண்டு. நமக்கு அது நொய்யலில் நடந்தது. ஆயிரம் பனியனுக்கு 40 ஆள்நாள் என்று எழுதினோம். அந்தத் துணிக்குச் சாயம் ஏற்றிய பட்டறை கழிவுநீரை ஆற்றில் விட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கியது; கீழே இருந்த காடுகளில் உப்பு ஏறியது, கிணற்று நீர் கெட்டது, தென்னையும் நெல்லும் போயின. அந்த விவசாயியின் இழப்பு பனியனின் விலையில் எங்கும் இல்லை. அதையும் ஆள்நாளாக மாற்றி ஆயிரம் பனியனுக்கு 20 என்று கூட்டினால், உண்மைச் செலவு 60 ஆள்நாள் ஆகிறது. இப்போது 600-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள்: நமக்கு ஒரு மெஷினின் உண்மையான வாய்ப்புச் செலவு பத்தாயிரம் பனியன். நாம் வாங்கிய விகிதமும் பத்தாயிரம் பனியன். கம்பெனிக்கு 200 ஆள்நாள் மிச்சம் என்று தெரிந்தது முழுவதும் ஆற்றோரத்துக்காரர் கட்டிய பணம். வட்டாரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வாணிபத்தால் கிடைத்தது சுழி. ஜெர்மன் பையர் இன்னும் கொஞ்சம் விலையைக் குறைத்திருந்தால் நஷ்டமே வந்திருக்கும், அப்போதும் ஏற்றுமதிப் புள்ளிவிவரம் ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

இப்படி நடக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க வழி ஒன்று உண்டு: ஒரு தொழிலின் செலவில் எதை அந்தத் தொழில் தானே கட்டாமல் பிறர் கட்டுகிறார்கள் என்று தேட வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டு, கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் இயங்கலாம் என்ற நிபந்தனை இறுகியபோது, அதுவரை ஆறு சுமந்த செலவு சாயக் கூலியில் ஏறியது. தொழிலே அழிந்துவிடும் என்று அப்போது பேசினார்கள். பல பட்டறைகள் மூடப்பட்டன, ஆர்டர்கள் வெளியே போயின. ஆனால் சுத்திகரிப்புச் செலவைக் கட்டிய பிறகும் திருப்பூர் பனியனை விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நன்மை முழுவதும் பொய் இல்லை, ஒரு பகுதி உண்மையானது என்பதற்கு அதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

கடைசியாக, நீங்கள் நேராகக் கேட்கவில்லை என்றாலும் உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். இந்த 600 ஆள்நாள் நிரந்தரமானதா? ஒப்பீட்டு நன்மை என்பது இன்றைய விகிதம். அதில் நாளைக்கு எழுதிவைத்தது ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தபோதும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியபோதும், நூற்பு எந்திரங்கள் கடல் தாண்டித்தான் வந்தன. 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொண்டு, அதே எந்திரங்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. பிறகு அவை வெளிநாடுகளுக்கும் போயின. முதல் நாள் விகிதத்தை மட்டும் பார்த்தவர் அந்த முயற்சியே வீண் என்றுதான் சொல்லியிருப்பார். உள்ளூரில் மில்கள் நெருக்கமாக இருந்தன, லேத்தும் ஃபவுண்டரியும் தெரிந்த கைகள் இருந்தன, இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலும் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஆள்நாள் குறைந்தது. அதே சலுகையோடு தொடங்கி ஒருபோதும் ஆள்நாள் குறையாமல், சலுகை நின்ற அன்றே நின்றுபோன தொழில்களும் இந்த நாட்டில் ஏராளம் என்பதால், சலுகை கொடுத்தால் போதும் என்று முடிவு கட்ட முடியாது. ஆள்நாள் குறைந்துகொண்டே வருகிறதா என்பதை வைத்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

நம் கணக்கில் நிட்டிங் மெஷினுக்கு அப்படி நடந்து 600 என்பது 200 ஆகக் குறைந்தால், இங்கும் ஒரு மெஷின் ஐயாயிரம் பனியன், அங்கும் ஐயாயிரம் பனியன். அன்று இந்த இரண்டு பொருட்களை மாற்றிக்கொள்ள இரு நாடுகளுக்கும் காரணமே இராது. அது 150 ஆள்நாளுக்கு இறங்கினால், மெஷினிலும் பனியனிலும் ஜெர்மானியர்கள் அப்போதும் நம்மைவிட வேகமானவர்களாகவே இருப்பார்கள். ஆனால் இங்கே ஒரு மெஷினின் செலவு மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது பனியன் என்று ஆகியிருக்கும். அப்போது மெஷின் நம்மிடமிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குப் போகும், பனியன் அங்கிருந்து வரும். உங்கள் யூனிட்டுக்கு அந்த நாள் பிடிக்காது. ஏனெனில் மெஷின் தொழிற்சாலைக்காரர் உங்கள் டெய்லருக்கு உங்களால் கொடுக்க முடியாத கூலியைக் கொடுத்து அழைத்துக்கொண்டு போயிருப்பார்.